பழைய முதலாளியிடம் ‘லெட்டர்’ கேட்கிற விதம்

“சேர், எங்கட பழைய முதலாளிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்களேன், லெட்டர் தரச் சொல்லி.” என்னிடம் படித்துவிட்டுக் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்த பிள்ளைகள் இப்படி அடிக்கடி கேட்கிறார்கள். நான் கோல் எடுப்பதில்லை. எடுத்துக் கொடுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரை, மாமாவை, ஊர்ப் பிரமுகரை அனுப்பி லெட்டர் எடுப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். கடைக்காரருக்கு அது மரியாதையாகத் தெரிவதில்லை. “இவன் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்” என்றுதான் அவர் எடுத்துக்கொள்கிறார். நேரில் கேட்டிருந்தால் தந்திருப்பவரும் அதற்குப் பிறகு தரமாட்டார்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். ஒரு ஹார்ட்வெயார் கடையில் 2021 மார்ச் 1ஆம் திகதி சேர்ந்து 2024 ஜூன் 30 வரை, மூன்று வருடமும் நான்கு மாதமும் ஸ்டோர்ஸில் வேலை செய்தவன். லீவு விடயத்தில் முதலாளியோடு வாய்த்தர்க்கம் வந்து விலகிவிட்டான். பிறகு கட்டாரில் ஸ்டோர்கீப்பர் வேலை ஒன்று வந்தது. ஏஜென்சி அனுபவக் கடிதம் கேட்டது. இவன் முதலாளிக்கு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டான்: “எனக்கு லெட்டர் ஒண்டு வேணும், நாளைக்குள்ள தாங்க, இல்லாட்டி லேபர் ஒஃபிஸுக்குப் போவன்.” இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

அந்த வொய்ஸில் மிரட்டல் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, என்ன லெட்டர் என்று அதில் இல்லாதது. நம்மவர்கள் எல்லாவற்றையும் ‘லெட்டர்’ என்று ஒரே சொல்லில் கேட்கிறார்கள். எப்போதிருந்து எப்போது வரை, என்ன பதவியில் வேலை செய்தார் என்று சொல்வது சேவைக் கடிதம். இராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம், இவரை இந்தத் திகதியில் விடுவித்தோம் என்று சொல்வது விடுவிப்புக் கடிதம். நல்லவர், நேர்மையானவர் என்று சொல்வது நன்னடத்தைச் சான்றிதழ். கோபத்தில் இருக்கும் மனிதரிடம் ‘லெட்டர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு மூன்றாவதுதான் ஞாபகம் வரும். “இவனுக்கு நான் நல்லவன் என்று எழுதுவதா?” ஏஜென்சிக்குத் தேவைப்பட்டதோ முதலாவது மட்டும். அதில் முதலாளியின் அபிப்பிராயத்துக்கு வேலையே இல்லை. திகதியும் பதவியும் கோபத்தால் மாறுவதில்லை.

வொய்ஸ் வேண்டாம், எழுத்தில் அனுப்பு என்று சொன்னேன். அவன் அனுப்பியது இது:

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். நான் 2021 மார்ச் 1 முதல் 2024 ஜூன் 30 வரை உங்கள் கடையில் ஸ்டோர்ஸ் உதவியாளராக வேலை செய்தேன். இப்போது கட்டாரில் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்கு எனது வேலைக்காலத்தையும் பதவியையும் குறிப்பிட்டு, கடை லெட்டர்ஹெட்டில் ஒரு சேவைக் கடிதம் தேவைப்படுகிறது. உங்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்க ஒரு மாதிரியை டைப் செய்து இத்துடன் அனுப்புகிறேன். ஏதும் பிழை இருந்தால் உங்கள் பதிவுப்படி திருத்திக்கொள்ளுங்கள். இம்மாதம் 25ஆம் திகதிக்கு முன் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டும். எந்த நாள் வந்தால் உங்களுக்கு வசதி என்று சொன்னால் கடைக்கு வந்து பெற்றுக்கொள்வேன். உங்களிடம் தொழில் பழகியதற்கு ஜஸாகல்லாஹு ஹைரன்.”

இதில் கெஞ்சல் எங்கேயும் இல்லை. பழைய சண்டையும் இல்லை. “அன்று நடந்ததை மறந்துவிடுங்கள்” என்று எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மறக்கச் சொன்னால் ஞாபகம் வரும். மாதிரியை டைப் செய்து அனுப்பியதுதான் இந்தச் செய்தியில் முக்கியமான மரியாதை. பல கடைகளில் டைப் செய்ய ஆளில்லை, கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும், முதலாளிக்கு அது கூச்சம். மறுப்பு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் நடப்பது இந்தத் தள்ளிப்போடல்தான்.

மாதிரியில் பெயரைப் பாஸ்போட்டில் உள்ளபடியே போட வேண்டும். நமது பெயர்களில் இது பெரிய தலையிடி. கடையில் இரண்டு இனிஷியலும் கூப்பிடும் பெயரும். பாஸ்போட்டில் வாப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். முஹம்மது ஓரிடத்தில் மொஹமட், இன்னோரிடத்தில் மொஹமது. கடிதம் கிடைத்த பிறகு இதைத் திருத்தப் போனால், முதலாளியிடம் இரண்டாம் தடவை நிற்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். கீழே ஒப்பமிடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கம், முத்திரைக்கு இடம். இலக்கம் இல்லாத கடிதத்தைச் சரிபார்க்க வழியில்லை.

அந்த ஏஜென்சிக்காரர் பிள்ளையிடம் ஐந்து வருடம் என்று போட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். இதைத்தான் நான் மரியாதையீனம் என்பேன், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும். நமது பயணத்துக்காக இன்னொரு மனிதரைத் தன் லெட்டர்ஹெட்டில் பொய் எழுதச் சொல்வது அது. அங்கிருந்து யாராவது கோல் எடுத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மூன்று வருடம் நான்கு மாதம் என்றே போட்டான்.

இனி முதலாளிமாருக்கு. நீங்கள் லெட்டர் கொடுக்கத் தயங்குவதற்கு எப்போதும் கோபம் காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் வேலை செய்தான் என்று ஒப்பமிட்டால், அந்த மூன்று வருடத்துக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டினீர்களா என்ற கேள்வி வரும் என்ற பயம்தான். ஊழியரிடமிருந்து 8 வீதம், உங்களிடமிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். கட்டாமல் விட்டது உங்கள் கணக்கு. அதை மறைக்கப் பிள்ளையின் வேலைக்காலத்தையே இல்லாமலாக்குவது எந்த நியாயம்? “ஈபிஎஃப் கேட்கமாட்டேன் என்று எழுதித்தா, லெட்டர் தாறேன்” என்று பேரம் பேசிய ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைகளே, அப்படி எதிலும் ஒப்பமிடாதீர்கள். அதேநேரம் கடிதம் கேட்கும் செய்தியில் ஈபிஎஃப் கதையை இழுக்கவும் வேண்டாம். அந்தக் கோரிக்கைக்குத் தொழில் அலுவலகம் என்ற தனி வாசல் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், ஒன்று மற்றதற்கு விலையாகிவிடும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஒரே ஒரு ஞாபகமூட்டல், அதன்பின் நேரில். மாதக் கடைசியிலும் பெருநாள் சீசனிலும் போகாதீர்கள். கஸ்டமர் முன்னால் கேட்காதீர்கள். அதுவும் சரிவராவிட்டால், அதே கோரிக்கையைத் திகதியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பி, கொப்பியையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, ஈபிஎஃப் கூற்று இருந்தால் புதிய இடத்தில் காட்டி நிலைமையை விளக்கலாம். ஆனால் ஈபிஎஃப் கூற்று உங்களுக்காகப் பணம் கட்டப்பட்ட மாதங்களைத்தான் காட்டும். நீங்கள் ஸ்டோர்ஸில் நின்றீர்களா, கெஷியரா என்று சொல்லாது. அதனால்தான் கடிதத்துக்கு இவ்வளவு பாடு.

அந்தப் பிள்ளைக்கு ஆறாம் நாள் பதில் வந்தது: “சனி காலைல வா.” போனான். முதலாளி மாதிரியை வாசித்து, கடைசியில் இருந்த “எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்” என்ற வரியைப் பேனையால் வெட்டிவிட்டு, மிச்சத்தை லெட்டர்ஹெட்டில் அடித்துவரச் சொல்லி ஒப்பமிட்டு முத்திரை குத்தினார். பிள்ளைக்கு அந்த வரி போனதில் கொஞ்சம் மனவருத்தம். ஏஜென்சிக்காரர் அதைக் கேட்கவே இல்லை.