பெரிய ஊர்தான் தலைநகராக வேண்டுமா?

மாவட்டத்தின் மிகப்பெரிய ஊரே அதன் தலைநகராக இருக்க வேண்டும், ஓசூரை விட்டுக் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தது பிழை என்ற வாதம் ஊரின் மக்கள்தொகையை மட்டும் எண்ணுகிறது. அந்த ஊருக்கு வெளியே வாழ்பவர்களின் பயணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் ஓசூரின் மக்கள்தொகை 1 லட்சத்தைத் தாண்டியது. கிருஷ்ணகிரியில் சுமார் 71 ஆயிரம் பேரே இருந்தனர். ஆனால் ஓசூர் கர்நாடக எல்லையை ஒட்டிய மூலை. கிருஷ்ணகிரியோ மாவட்டத்தின் நடுப்பகுதி. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை சாலைகள் அங்கே கூடுகின்றன.

ஊத்தங்கரை விவசாயி ஒருவரின் பட்டா வழக்கைப் பார்க்கலாம். வட்டாட்சியரின் முடிவு பாதகமானால் கோட்டாட்சியரிடமும், பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் முறையிட வேண்டும். கிருஷ்ணகிரிக்கு அவர் சுமார் 50 கிலோமீட்டர் வந்தால் போதும். தலைநகர் ஓசூராக இருந்தால், அதே கிருஷ்ணகிரியைக் கடந்து இன்னும் 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் ஒரு நாள் கூலி போகும்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் சமமான வசதி தரவில்லை என்பது உண்மை. அஞ்செட்டி மலைக்கிராமங்களுக்கு ஓசூரே பக்கம். அதற்குத் தீர்வு தலைநகரை மாற்றுவதல்ல. கீழ்நிலை அலுவலகங்களைப் பரப்புவது. ஓசூரில் சார் ஆட்சியர் அலுவலகம் இருப்பதும், அஞ்செட்டி தனி வட்டமானதும் அந்த வழியில்தான். ஆலைகளும் சந்தையும் ஓசூரை வளர்த்தன. ஆட்சியர் அலுவலகம் அங்கே இல்லாதது அந்த வளர்ச்சியைத் தடுக்கவில்லை.