டொலர் போனால் ரூபாயும் போகும்: அதை நிரப்பியது யார்?



சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போதெல்லாம் கம்பனித் தரப்பு ஒரே பல்லவியைத்தான் பாடுகிறது: நாட்டில் டொலர் இல்லை, ஆகவே கையில் பணமும் இல்லை. டொலர் இல்லாமல் போனால் ரூபாய் ஏன் இல்லாமல் போக வேண்டும்? ரூபாய் நம் நாட்டில் அச்சடிப்பதுதானே? நமது கிளைக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், 2022இல் நமது சம்பளத்துக்கு என்ன நடந்தது என்பதும் விளங்கும்.

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு மொத்தக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து பருப்பு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 10,000 டொலர் வேண்டும். மத்திய வங்கி ஒரு டொலரை 200 ரூபாய்க்குக் கட்டி வைத்திருக்கிறது. கடைக்காரர் தமது வங்கியில் 20 இலட்சம் ரூபாய் கட்டுகிறார். வங்கியிடம் டொலர் இல்லாததால் அது மத்திய வங்கியிடம் வாங்குகிறது. மத்திய வங்கி டொலரைக் கொடுத்துவிட்டு, அந்த வங்கி தன்னிடம் வைத்திருக்கும் கணக்கில் 20 இலட்சத்தைக் கழிக்கிறது.

கழித்த அந்த 20 இலட்சம் யார் கைக்கும் போகவில்லை. அது புழக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது. கடைக்காரர் வேறொரு வியாபாரியிடம் டொலர் வாங்கியிருந்தால் ரூபாய் கை மாறியிருக்கும், அவ்வளவுதான். மத்திய வங்கியிடம் போனபடியால்தான் அது இல்லாமல் ஆனது. இதே ஊரில் நண்டு ஏற்றுமதி செய்பவர் 4,000 டொலரைக் கொண்டுவந்து, அது வங்கி வழியாக மத்திய வங்கிக்குப் போனால், 8 இலட்சம் ரூபாய் புதிதாகப் பிறக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 12 இலட்சம் குறைவு. நாடு முழுவதும் இப்படி வருவதைவிடப் போவது கூடினால், அதைத்தான் சென்மதி நிலுவைப் பற்றாக்குறை என்கிறார்கள்.

இதற்கு யாரும் உத்தரவிடத் தேவையில்லை. விலையைக் கட்டி வைத்தால், கேட்பவருக்கெல்லாம் அந்த விலைக்கே டொலர் விற்றாக வேண்டும். விற்கும் ஒவ்வொரு டொலருக்கும் ரூபாய் உள்ளே இழுக்கப்படும். வங்கிகளில் ரூபாய் குறைய வட்டி ஏறும், கடன் கிடைப்பது கடினமாகும், வியாபாரம் படுக்கும், இறக்குமதி குறையும். கடைசியில் பற்றாக்குறையும் அடைபடும். புத்தகத்தில் இது அழகான கணக்கு. ஆனால் வியாபாரம் படுக்கும்போது யாருடைய அடுப்பு அணைகிறது என்பதைப் புத்தகம் சொல்வதில்லை.

இலங்கையில் இந்தக் கணக்கு ஏறக்குறையத் தடையின்றி ஓடிய காலம் ஒன்று உண்டு. நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த காலத்திலேயே இந்திய ரூபாய் இங்கே புழங்கியது. 1872 முதல் அதுவே சட்டபூர்வ நாணயம். 1884இல் நோட்டு வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன்பின் அரசு நாணய ஆணையாளர் சபையை அமைத்துத் தானே நோட்டு வெளியிட்டது. இலங்கை ரூபாய் இந்திய ரூபாய்க்குச் சமம். ஈடு வந்தால் நோட்டு வெளியே போகும். நோட்டுத் திரும்பி வந்தால் ஈடு வெளியே போகும். நினைத்தபடி நோட்டடித்து அரசுக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை.

தேயிலையும் இறப்பரும் விற்ற காசு உள்ளே வந்தது. அரிசிக்கும், ஊருக்கு நம்மவர் அனுப்பிய பணத்துக்கும், கம்பனிகளின் இலாபத்துக்கும் காசு வெளியே போனது. 1929க்குப் பிறகு உலகச் சந்தையில் தேயிலை, இறப்பர் விலை விழுந்தபோது வரவு சுருங்கியது, அத்தோடு நாட்டின் பணமும் சுருங்கியது. விலை விழுந்ததே ஓர் அடி. பணம் வற்றியது அதன் மேல் இன்னோர் அடி. இந்தக் காலத்தில்தான் சட்டம் போட்டு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையே குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணக்குத் தானாகச் சரியானது என்றால், அது நமது கூலியில்தான் சரியானது.

1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறக்கப்பட்டது. அதற்கு நாணய சபைக்கு இல்லாத ஓர் அதிகாரம் இருந்தது: அரசின் திறைசேரி உண்டியலை வாங்கிப் புதிய ரூபாயை வெளியே விடலாம். அதாவது, டொலர் விற்று ஒரு வாசலால் இழுத்த ரூபாயை மறுவாசலால் திருப்பி ஊற்றலாம். அப்படி ஊற்றினால் பணம் சுருங்காது, வட்டி ஏறாது, இறக்குமதியும் குறையாது. டொலர் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

2021இல் நடந்தது இதுதான். அந்த ஆண்டு செப்டெம்பர் முதல் டொலர் 200 முதல் 203 ரூபாய்க்குள் கட்டி வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன் பத்திரம் ஒன்றுக்குப் பணம் செலுத்தப்பட்டது. 200 ரூபாய்க் கணக்கில் அது 100 பில்லியன் ரூபாய். அத்தனை ரூபாயையும் அரசு வரியாகத் திரட்டி மத்திய வங்கியிடம் கொடுத்திருந்தால் புழக்கத்தில் அவ்வளவு குறைந்திருக்கும். ஆனால் மத்திய வங்கி மறுபக்கம் உண்டியல் வாங்கிக்கொண்டே இருந்தது. 2019 முடிவில் அதன் கையில் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவாக இருந்த அரச பத்திரங்கள், 2021 முடிவில் 1,400 பில்லியனைத் தாண்டின. அதே இரண்டு ஆண்டுகளில் நாட்டின் அந்நியச் செலாவணி ஒதுக்கு 7.6 பில்லியன் டொலரிலிருந்து 3.1 பில்லியனுக்கு இறங்கியது. டொலர் இவ்வளவு போயும் ரூபாய் குறையவில்லை, கூடியது.

2022 மார்ச் 7இல் கட்டு அவிழ்க்கப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போனது. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நமது 1,000 ரூபாய் நாட்சம்பளம் அன்று சுமார் 5 டொலர். பதினான்கு மாதங்களில் அதே ஆயிரம் 3 டொலருக்கும் கீழே வந்துவிட்டது. நாம் டொலரில் சாமான் வாங்குவதில்லைதான். ஆனால் கோதுமை மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் டொலரில்தான் கப்பலேறுகின்றன. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்குமுன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. 1930களில் கூலியைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். 2022இல் சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறைக்காமலே குறைத்தார்கள்.

பழையபடி நாணய சபையைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் எழுதுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. பணத்தைச் சுருங்க விட்டால் வேலையும் கூலியும் அடிபடும்; அது சுருங்காமல் நிரப்பிக்கொண்டே போனால் ஒருநாள் ரூபாய் உடைந்து விலை அடிக்கும். இரண்டு வழியிலும் சுமை வந்து சேருவது லயத்துக்குத்தான், சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்வரை. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசிடமிருந்து உண்டியலை நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் அது விலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்று சொல்லும் சட்டமல்ல.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று, அடுத்த சம்பள வர்த்தமானியில் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு சம்பளம் தானாக உயரும் வாசகம் இருக்க வேண்டும். கணக்குத் தானாக ஓடும் என்றால் சம்பளமும் தானாக ஓடட்டும். இரண்டு, மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் பொருளாதாரக் குறிகாட்டிகளை ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். டொலர் விலை அசையாமல் நிற்க, ஒதுக்கு இறங்கி, மத்திய வங்கியின் கையில் உண்டியல் ஏறினால், கட்டு அவிழும் நாள் நெருங்குகிறது என்று பொருள். பேச்சுவார்த்தை மேசைக்கு நாம் போக வேண்டியது அந்த நாளுக்கு முன்பு.