பெட்டியும் நன்றியும்

புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருக்கும் பெண் மதுரைக்குப் படிக்கப் போகிறாள். கிளம்புவதற்கு முந்தைய நாள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கட்டிலின் மேல் நீல நிற டிராலி பெட்டி. ஜிப் முழுதும் மூடவில்லை, ஓரத்தில் துண்டின் நுனி எட்டிப் பார்க்கிறது. "அத்தை, நீங்கதான் கவிதை எழுதுறீங்களே, இதுக்கு ஒரு கேப்ஷன் சரி பண்ணிக் கொடுங்க" என்று கேட்டிருந்தாள். அவளே எழுதிய வரிகளும் கூடவே வந்தன: "புது ஊரு, புது வாழ்க்கை. நிறைய நம்பிக்கை, கொஞ்சூண்டு பயம். என்னை நம்பி அனுமதிச்ச அப்பாவுக்கு நன்றி."

சந்தி பார்த்து, ஒரு உவமையைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுப்பவளுக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆனால் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை.

இவளுடைய அண்ணன் இரண்டு வருடம் முன்பு படிப்புக்காக வெளியூர் போனான். அவனும் படம் போட்டான். பெட்டி படம் அல்ல, ரயில் கதவில் தொங்கியபடி ஒரு செல்ஃபி. அதில் யாருக்கும் நன்றி இல்லை, பயமும் இல்லை. அவனுக்குப் பயமே இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அவன் அதைச் சொல்லிக்காட்ட வேண்டிய தேவை இல்லை. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகும்போது மட்டும், தான் துணிந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் பயத்தையும் பணிவையும் சேர்த்தே கட்டிக்கொண்டு போகிறாள். பதினெட்டு வயது முடிந்த பெண்ணின் படிப்பு அவளுடைய உரிமை. "அனுமதிச்ச" என்று அவள் எழுதும்போது, அந்த உரிமை வேறொருவர் கொடுத்த சலுகையாகிவிடுகிறது. கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம். அந்தக் கொஞ்சூண்டு பயத்தில் பாதி மதுரையைப் பற்றியதே அல்ல. ஏதாவது ஒன்று நடந்தால் 'போதும், வீட்டுக்கு வா' என்று கூப்பிட்டுவிடுவார்களே என்பதைப் பற்றியது.

எனக்கு அது தெரியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் நானும் ஒரு பெட்டியோடு சென்னைக்குப் போனேன். இங்கிருந்து சென்னை எழுபது கிலோமீட்டர்தான், ஆனாலும் விடுதி. மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டும். வெளியே போக ஒரு நோட்டில் எழுத வேண்டும்: எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய். வீட்டிலிருந்து வரும் கடிதம்கூடப் பிரித்துத்தான் கைக்கு வரும். ஒரு கவிதை வாசிப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தரைக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு, ஆறு மணிக்குக் கதவு பூட்டும் இடத்திலிருந்து எப்படிப் போவது? ஆண்கள் விடுதியில் இருந்தவர்கள் போய்விட்டு வந்து என்னிடம் அந்தக் கூட்டத்தைக் கதையாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு 2019இல் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கோழிக்கோடு சேளன்னூரில் உள்ள ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியில் ஃபஹீமா ஷிரின் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பெண்கள் விடுதியில் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. ஒரு கல்லூரி மாணவி வகுப்பு முடிந்து அறைக்கு வந்து படிக்கிற நேரமே அதுதான். அவர் விதிக்குக் கட்டுப்பட மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

விடுதித் தரப்பு சொன்னது நமக்குப் பழகிய வாதம்தான்: பெற்றோரின் விருப்பம், பிள்ளைகளின் படிப்பு. 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும், விடுதியில் இருப்பவர்கள் வயது வந்தவர்கள், எப்படி எப்போது படிப்பது என்று முடிவெடுக்கக் கூடியவர்கள் என்றார். ஃபஹீமாவைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் மிஞ்சியது. அது யாருக்கும் பொருந்தும்.

அந்தத் தீர்ப்பு ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள். அவை 2016 மே மாதம் அரசிதழில் வந்தன. அதில் ஒரு வரியை நான் ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவியருக்குச் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்பதுதான் அது. கேரளத் தீர்ப்பு நம் ஊரில் எடுத்துக்காட்டாக வைக்க மட்டுமே உதவும், நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இந்த விதிகள் அப்படியல்ல, நாடு முழுவதும் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்துபவை. தனியார் நடத்தும் மகளிர் தங்குமிடங்களை அவை எட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பிடிமானம் வேறு, தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி அந்த இடம் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்பதில்தான் தொடங்க வேண்டும்.

வெளியே ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அந்த ஆபத்துக்கு அதே விதிகள் சொல்லும் மருந்து வேறு: வெளிச்சம் உள்ள பாதை, போக்குவரத்து, இயங்குகிற புகார்க் குழு. அதற்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும். பூட்டு மலிவு.

ஆகவே அவளைப் போனில் கூப்பிட்டேன். "கேப்ஷன் அப்புறம். உன் விடுதி விதியைப் படிச்சியா?"

"கையெழுத்து மட்டும் போட்டேன் அத்தை."

"பசங்க விடுதி விதியையும் வாங்கி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு."

கொஞ்சம் நேரம் பேச்சில்லை. பிறகு ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அரசுப் பள்ளியில் படித்தவள், ஆகவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன், இப்போதும் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கணக்கு இவள் பெயரில், கார்டு அப்பாவின் பர்ஸில், ஓடிபி அண்ணன் போனுக்கு என்று இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் சிரித்தாள். "அப்பாகிட்டதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்காரு."

"ஊருக்குத் திரும்பி வர டிக்கெட் எடுக்கணும்னா?"

"அப்பாகிட்ட கேக்கணும்."

அவள் அப்பா கெட்டவர் இல்லை. கடற்கரையில் காலையிலேயே நிற்பவர், மகளின் கட்டணத்துக்குக் கடன் வாங்கியவர். அவருக்கு நன்றி சொல்லட்டும், கடன் வாங்கியதற்காக. அனுமதித்ததற்காக அல்ல. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம், நன்றியைக் காட்டியே அவர்களைக் கட்டியும் போடுகிறோம்.

மறுநாள் அவள் செங்கல்பட்டில் ரயிலேறினாள். கார்டு அவளிடம் வந்துவிட்டது என்று அவள் அம்மா தெருக்குழாயடியில் சொன்னார், கொஞ்சம் குறைபோலவும் கொஞ்சம் பெருமைபோலவும்.

நான் கேப்ஷன் எழுதிக் கொடுக்கவேயில்லை. நான்கு நாள் கழித்து அதே நீலப் பெட்டி படத்தை அவளே போட்டிருந்தாள். "புது ஊரு. நிறைய நம்பிக்கை, கொஞ்சூண்டு பயம். ஃபீஸ் கட்டின அப்பாவுக்கு நன்றி. எங்க விடுதிக் கதவு ஆறரைக்கு மூடுது, பசங்களுக்கு ஒன்பதரைக்கு. ஏன்னு நாளைக்கு வார்டன்கிட்ட நாலு பேரு போய்க் கேக்கப்போறோம்." அவள் சித்தப்பா அன்றிரவே போன் செய்து எடுக்கச் சொன்னாராம். இதை எழுதும்வரை எடுக்கவில்லை.