கால்குலேட்டர் காட்டும் 90 பாகையை நம்பாதீர்கள்

கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாகை முறையில் இருக்கட்டும். முதலில் tan 90 என்று அழுத்துங்கள். பிழை என்று காட்டும். அது சரிதான், 90 பாகைக்கு டேன்ஜென்ட் மதிப்பே கிடையாது. இப்போது அதற்கு எதிர்த்திசையில் போய் tan⁻¹(10¹²) என்று அழுத்துங்கள். சாதாரணமாக 10 இலக்கங்கள் காட்டும் கால்குலேட்டர் என்றால் திரையில் 90 என்று வந்து நிற்கும்.

டேன்ஜென்டே இல்லாத ஒரு கோணம், ஓர் எண்ணின் ஆர்க்டேனாக எப்படி வர முடியும்? என் வகுப்பில் ஒரு மாணவர் இதைத்தான் கேட்டார். “முடிவிலியை டேன்ஜென்டாகக் கொண்ட கோணம் 90 பாகை, அவ்வளவுதான் சார்” என்று பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லிவிட்டார். பலரும் இப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். முடிவிலி ஓர் எண் போலவும், அதைக் கால்குலேட்டருக்குள் போட்டால் 90 வெளியே வரும் என்பது போலவும் ஒரு நினைப்பு. இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. 90 என்ற விடை தவறில்லை. ஆனால் இந்தக் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் 90-இல் இல்லை. 90-ஐ எட்டாமல் விட்ட மிச்சத்தில் இருக்கிறது.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 452 மீட்டர். கோபுர உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறீர்கள். (உங்கள் கண்ணின் உயரத்தை விட்டுவிடுவோம்.) நிமிர்ந்து பார்க்கும் கோணம் ஆர்க்டேன் 4.52, அதாவது ஏறக்குறைய 77.5 பாகை. கோபுரத்தை இரண்டு மடங்கு உயர்த்தினால் கோணம் 83.7 பாகை ஆகும். பத்து மடங்கு உயர்த்தினால் 88.73. நூறு மடங்கு, அதாவது 45,200 மீட்டர் உயரத்திற்குக் கட்டினால் 89.873. கழுத்து வலிதான் மிஞ்சும். 90 பாகை வராது. ஏனென்றால் 90 பாகையில் பார்ப்பவரின் பார்வைக் கோடு நேர் மேலே போகும். கோபுரமும் நேர் மேலே போகிறது. 100 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு இணைகோடுகள் எங்கே சந்திப்பது?

இப்போது மிச்சத்தை மட்டும் பாருங்கள். பத்து மடங்கு உயரத்தில் 90-க்கு இன்னும் 1.27 பாகை குறைகிறது. நூறு மடங்கில் 0.127 பாகை. உயரம் பத்து மடங்கானதும் மிச்சம் பத்தில் ஒன்றாகிவிட்டது. ஆர்க்டேனின் எல்லை 90 பாகை என்று சொல்வதன் முழுப் பொருள் இதுதான்: எவ்வளவு சிறிய மிச்சம் வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும், போதிய உயரத்தில் அதற்கும் குறைவாகக் கொண்டுவந்துவிடலாம். எந்த உயரத்திலும் மிச்சம் பூஜ்ஜியம் ஆவதில்லை.

அந்த மிச்சம் வெறும் கழித்தலில் வந்த எண் இல்லை. படம் வரைந்தால் அது கண்ணெதிரே இருக்கும். நீங்கள் நிற்கும் இடம், கோபுரத்தின் அடி, உச்சி ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். உச்சியில் இருக்கும் சிறிய கோணம்தான் அந்த மிச்சம். அதன் டேன்ஜென்ட், 100-ஐ உயரத்தால் வகுத்தது. ஆக, முடிவிலியைப் பற்றிய கேள்வி பூஜ்ஜியத்தின் அருகே உள்ள ஒரு சின்னக் கோணத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. சிறிய எண் ஒன்றின் ஆர்க்டேன் அந்த எண்ணைப்போல் எத்தனை மடங்கு?

இங்கேதான் ஆர்க்சைன் கணக்கும் வந்து சேர்கிறது. பாகை முறையிலேயே sin⁻¹(0.1) ÷ 0.1 போட்டுப் பாருங்கள். 57.39 வரும். 0.01 போட்டால் 57.2967. 0.001 போட்டால் 57.2958. ஆனால் புத்தகத்தில் இந்த எல்லை 1 என்று இருக்கும்! புத்தகம் ரேடியனில் பேசுகிறது. 180-ஐ π-ஆல் வகுத்தால் 57.2958, ஒரு ரேடியன் என்பது அத்தனை பாகை. விடை 1 என்று வராமல் 57 என்று வந்தால் கால்குலேட்டர் எந்த முறையில் இருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும்.

ஏன் ரேடியனில் 1? x-க்குப் பதில் sin y என்று எழுதுங்கள். அப்போது ஆர்க்சைன் x என்பது y. கேட்ட விகிதம் y ÷ sin y ஆகிவிடும். x பூஜ்ஜியத்தை நெருங்கினால் y-யும் நெருங்கும். இனி, ஆரம் 1 உள்ள வட்டத்தில் y கோணமுள்ள ஒரு வட்டக்கோணப் பகுதியை வரையுங்கள், பீட்சா துண்டு போல. அதற்குள் அடங்கும் முக்கோணத்தின் பரப்பு ½ sin y. துண்டின் பரப்பு ½ y. அதை மூடி நிற்கும் பெரிய செங்கோண முக்கோணத்தின் பரப்பு ½ tan y. ஆகவே y எப்போதும் sin y-க்கும் tan y-க்கும் நடுவில் இருக்கிறது. மூன்றையும் sin y-ஆல் வகுத்தால், y ÷ sin y என்பது 1-க்கும் 1 ÷ cos y-க்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. y சிறிதாகும்போது cos y 1-ஐ நெருங்குவதால் நடுவில் இருப்பதும் 1-க்கே போக வேண்டும். ஆர்க்டேனுக்கும் இதே வழிதான். X-க்குப் பதில் tan y போட்டால் போதும்.

துண்டின் பரப்பு ½ y என்ற சூத்திரம் ரேடியனில் மட்டுமே பொருந்தும். வட்ட அளவைப் பாடத்தில் ரேடியனை எதற்குப் புகுத்தினார்கள் என்று புலம்புபவர்களுக்கு இதுவே பதில். பாகையில் வேலை செய்தால் 57.2958 என்ற எண் ஒவ்வொரு வரியிலும் கூடவே வரும்.

மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் ஆர்க்சைன் எல்லையைக் கண்டதும் லோபிதால் விதிக்குப் பாய்கிறார்கள். மேலேயும் கீழேயும் வகையிட்டால் ஒரே வரியில் 1 வந்துவிடும். விடையைச் சரிபார்க்க அது போதும்; நிரூபணமாக நான் ஏற்கமாட்டேன். ஆர்க்சைனை வகையிட சைனை வகையிடத் தெரிய வேண்டும். சைனை வகையிட, sin y ÷ y-இன் எல்லை 1 என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாய் தன் வாலையே துரத்துவது போன்ற வேலை அது.

கோபுரத்துக்குத் திரும்புவோம். மிச்சம் ஏறக்குறைய 57.3 × 100 ÷ உயரம் பாகை. நூறு மடங்கு கோபுரத்துக்கு இது 0.127 தருகிறது, சரியாகப் பொருந்துகிறது. உண்மையான 452 மீட்டருக்கு 12.7 தருகிறது, உண்மையில் மிச்சம் 12.5 பாகைதான். கோணம் சிறிதாக இருந்தால்தான் இந்தச் சுருக்கு வழி செல்லும்.

கடைசியாக ஒன்றைச் செய்து பாருங்கள். (90 − tan⁻¹(10²⁰)) × 10²⁰ என்று அழுத்தினால் 0 வரும். மிச்சம் அவ்வளவு சிறியது என்பதால் கால்குலேட்டர் அதைத் தொலைத்துவிட்டது. அதே மிச்சத்தை முக்கோணத்தின் உச்சியிலிருந்து எடுத்து, tan⁻¹(1 ÷ 10²⁰) × 10²⁰ என்று அழுத்துங்கள். திரையில் 57.2958 வந்து நிற்கும்.