எண் உண்மையானது, கேட்பவர்தான் போலி

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரு குறுந்தகவல் வந்தது. அவர்களின் வங்கிக் கணக்கில் ஏதோ சிக்கல் இருப்பதாகவும், இணைப்பைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும் என்றும் அது கூறியது. அதை நம்பிய ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர்.

இவர்கள் கவனமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கி முன்பு அனுப்பிய உண்மையான தகவல்கள் இருந்த அதே வரிசையில்தான் போலித் தகவலும் வந்து சேர்ந்தது. குறுந்தகவலை அனுப்புபவரின் பெயர் கடித உறையின் பின்புறம் எழுதும் முகவரியைப் போன்றது. அன்று அதில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுத முடிந்தது. பெயர் ஒன்றாக இருந்ததால் கைப்பேசி இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டது.

ஆனால் இணைப்பைத் தட்டியதால் மட்டும் பணம் போய்விடவில்லை. பயனீட்டாளர் பெயரும் மறைச்சொல்லும் திருடப்பட்ட பிறகும் ஒரு பூட்டு மிச்சமிருந்தது. அதுதான் ஓடிபி எனப்படும் ஒருமுறை மறைச்சொல்.

திரைக்குப் பின்னால் நடப்பது

இப்போது ஒரு தொலைபேசி அழைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவி ஒருவருக்கு, வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் அழைக்கிறார். மாணவியின் முழுப்பெயரும் அட்டையின் கடைசி நான்கு எண்களும் அவருக்குத் தெரிந்திருக்கின்றன. “உங்கள் அட்டையில் 900 வெள்ளிக்கு யாரோ பொருள் வாங்கப் பார்க்கிறார்கள். நீங்கள் இல்லையென்றால் உடனே தடுக்க வேண்டும்,” என்கிறார். அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி இணைய வங்கிச் சேவையின் பயனீட்டாளர் பெயரையும் மறைச்சொல்லையும் கேட்டு வாங்குகிறார்.

மாணவி சொல்லச் சொல்ல, அழைத்தவர் அவற்றை வங்கியின் உண்மையான இணையத்தளத்தில் தட்டுகிறார். புதிய கருவியிலிருந்து கணக்கைத் திறக்க யாரோ முயல்வதை வங்கியின் கணினி கவனிக்கிறது. உரிமையாளர்தானா என்று உறுதிசெய்ய, பதிவில் உள்ள கைப்பேசிக்கு ஆறு இலக்க எண்ணை அனுப்புகிறது.

“இப்போது உங்களுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்,” என்கிறார் அழைத்தவர். அவர் சொன்னபடியே எண் வந்துவிட்டதால் மாணவியின் சந்தேகம் முழுவதும் கரைந்துவிடுகிறது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். எண்ணை அனுப்பியது உண்மையான வங்கிதான். ஆனால் அந்த எண்ணை வரவழைத்தவர் திருடன். எண் வந்துவிட்டது என்பது அழைத்தவர் வங்கி ஊழியர் என்பதற்குச் சான்றாகாது. உங்கள் கணக்கின் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பதற்குத்தான் அது சான்று.

அவர் ஏன் அவசரப்படுத்துகிறார் என்பதும் இப்போது புரியும். அந்த எண் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். நீங்கள் யோசிக்கவோ அம்மாவிடம் கேட்கவோ நேரம் எடுத்துக்கொண்டால் அவருடைய உழைப்பு வீணாகிவிடும்.

ஓர் எண், பல கதவுகள்

ஓர் எண்ணால் ஒரு பரிவர்த்தனைதானே போகும் என்று நினைக்கலாம். அந்த எண் எதற்காக வந்தது என்பதைப் பொறுத்தது அது. கணக்கின் மின்னிலக்க டோக்கனைத் திருடனின் கைப்பேசியில் இயக்குவதற்காக வந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், அதன்பின் வங்கி உங்களிடம் எதையும் கேட்காது. எல்லா ஒப்புதல்களும் திருடனின் கைப்பேசிக்கே போகும். வேறொரு முறையில், உங்கள் அட்டையைத் திருடனின் கைப்பேசிப் பணப்பையில் சேர்ப்பதற்காக அந்த எண் வரும். அதைக் கொடுத்துவிட்டால் அவர் கடை கடையாகச் சென்று உங்கள் பணத்தில் பொருள் வாங்கலாம்.

பெரும்பாலும் ஓடிபி தகவலிலேயே அது எதற்கான எண் என்று எழுதியிருக்கும். நம்மில் பலர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாசகத்தை விட்டுவிடுகிறோம். பரிவர்த்தனையைத் ‘தடுக்க’ எண் வேண்டும் என்று அழைத்தவர் சொல்ல, தகவலில் அட்டையைச் ‘சேர்க்க’ என்று இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வங்கி ஊழியர் ஓடிபி கேட்கமாட்டார் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். அதன் காரணம் எளிது. அந்த எண்ணை உருவாக்கியதே வங்கியின் கணினி. தான் அனுப்பிய எண்ணை வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வங்கிக்கு இல்லை. அந்த எண் தெரியாதவர் மட்டுமே அதைக் கேட்பார்.

மாறியவையும் மாறாதவையும்

ஓசிபிசி சம்பவத்துக்குப் பிறகு விதிமுறைகள் இறுகின. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதிய ஏற்பாடுகளை அறிவித்தன. வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல், குறுந்தகவல்களில் தட்டக்கூடிய இணைப்புகளை நீக்க வேண்டும். புதிய டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2023 ஜனவரி 31 முதல், பெயரில் குறுந்தகவல் அனுப்பும் அமைப்புகள் அப்பெயரைப் பதிவுசெய்வது கட்டாயமானது. பதிவில்லாத பெயர்களிலிருந்து வருபவை Likely-SCAM என்ற முத்திரையுடன் வரத் தொடங்கின. மலேசியாவிலும் குறுந்தகவல் ஓடிபியிலிருந்து பாதுகாப்பான வேறு முறைகளுக்கு மாறுமாறு பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

ஆனால் இந்தப் பதிவு குறுந்தகவலுக்கு மட்டுமே பொருந்தும். வாட்ஸ்அப் தகவலையோ தொலைபேசி அழைப்பையோ அது தடுக்காது. அழைப்புக்கு வேறொரு தடயம் உண்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் + குறி தெரியும். உள்ளூர் அழைப்புகளுக்கு அது தெரியாது. ஆகவே +65 என்று தொடங்கும் அழைப்பில் உள்ளூர் வங்கி ஊழியர் எனச் சொல்பவரை நம்பத் தேவையில்லை. அதற்காக, + இல்லாத அழைப்பெல்லாம் உண்மை என்றும் எண்ணிவிடக்கூடாது.

இழந்த பணம் திரும்ப வருமா? 2021 சம்பவத்தில் பாதிக்கப்பட்டோருக்கு ஓசிபிசி நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் கொடுத்தது. அதை வழக்கமாக எதிர்பார்க்க முடியாது. 2024 டிசம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பின்கீழ், வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பை ஏற்க வேண்டும். ஆனால் அது போலி இணையத்தளங்கள் போன்ற மின்னிலக்கத் தூண்டில் மோசடிகளுக்கே பொருந்தும். தொலைபேசியில் தாமாகவே விவரங்களைச் சொல்லிவிட்டவர்கள் அதில் அடங்கமாட்டார்கள். மேலே பார்த்த மாணவியின் நிலை அதுதான்.

சந்தேகம் வந்தால் அழைப்பவரிடம் வாதாட வேண்டாம், கேள்வி கேட்டுச் சோதிக்கவும் வேண்டாம். அவர் அதற்குத் தயாராகத்தான் இருப்பார். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். உண்மையான ஊழியராக இருந்தால் இதற்குக் கோபப்படமாட்டார். ஆலோசனைக்குச் சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண் உள்ளது. எண்ணைச் சொல்லிவிட்ட பிறகுதான் உணர்ந்தீர்கள் என்றால், முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையிடம் புகார் செய்யுங்கள். மலேசியாவில் பணத்தை இழந்தவர்கள் உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தின் 997 எண்ணையோ அழைக்கலாம். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்கு முன்பு தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.