பூஜையறை எறும்புகளும் மணைப்பலகையும்



தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, எழுபது வயதைக் கடந்த வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். வெள்ளிதோறும் சிறிய பிள்ளையார் விக்ரகத்துக்குப் பாலும் தேனும் அபிஷேகம் செய்து, சர்க்கரைப் பொங்கல் நிவேதிப்பது அவர் வழக்கம். சனிக்கிழமை விடியற்காலையில் பூஜையறைக் கதவைத் திறந்தால் மேடையெங்கும் எறும்புச் சாரை. மகன் பூச்சிமருந்து தெளிப்பான் ஒன்றை வாங்கி வந்து வைத்துவிட்டார். "ஸ்வாமி சந்நிதியில் உயிர்க்கொலை செய்ய மனம் ஒப்பவில்லை. அதற்காக எறும்பு மொய்த்த இடத்தில் நிவேதனம் வைக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?" என்பது அந்த அம்மையாரின் கேள்வி.

முதலில் அந்தத் தெளிப்பானை அங்கிருந்து அகற்றிவிடுமாறு எழுதினேன். அதில் மருந்தைப் புகையாக வெளியே தள்ளுவது பெரும்பாலும் தீப்பற்றக்கூடிய வாயுவே. திருவிளக்கு எரியும்போதோ, கற்பூரம் ஏற்றும் நேரத்திலோ அதை அழுத்தினால் புகை முழுவதும் தீயாக மாறிவிடும். விளக்கை மலையேற்றிய பிறகு தெளித்தாலும், மருந்து விளக்கின்மீதும் நிவேதனத் தட்டின்மீதும் படிந்து நிற்கும். எறும்புக்கென்று கடைகளில் விற்கும் சாக்கட்டியும் பூச்சிக்கொல்லியே. வெண்ணிறக் கோடு கோலம் போலத் தோன்றுவதால், பேரக் குழந்தைகள் அதைத் தொட்டுவிட்டு அதே கையால் பிரசாதம் உண்ண நேரலாம்.

அடுத்து, ஒரேயொரு வெள்ளி இரவு சிரமம் பாராமல், ஒன்பது மணியளவில் கைவிளக்குடன் சென்று சாரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எறும்புகளை ஊதவோ துடைக்கவோ வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும் என்றும் குறிப்பிட்டேன். எறும்பு வழி தவறாமல் வருவதற்குக் காரணம், முன்னே சென்ற எறும்பு தரையில் விட்டுச் செல்லும் ஒருவகை வாசனை. இரை கிடைத்த எறும்பு திரும்பும்போது அந்த வாசனையை மேலும் அழுத்தமாக இடுகிறது. ஆகையால் சாரையின் முடிவைக் கண்டால் காரணத்தையும் கண்டுவிடலாம்.

அம்மையாரின் மறுமொழி வியப்பளித்தது. பொங்கல் பாத்திரத்தை அவர் இரவிலேயே சமையலறைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். எறும்புகள் சென்றது விக்ரகம் வீற்றிருக்கும் மரமணையின் அடிப்பக்கத்துக்கு! அபிஷேகத் தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்த பாலும் தேனும் பலகையின் இடுக்கில் ஊறி, வாரந்தோறும் சேர்ந்து பிசுபிசுத்திருந்தன. மேலே துடைத்தாலும் அடியில் இனிப்பு அப்படியே இருந்தது. சாரையின் மறுமுனை ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மெல்லிய பிளவு.

பிறகு செய்ததெல்லாம் எளியவை. மணையை வெந்நீரில் கழுவி வெயிலில் நன்கு உலர்த்தினார். அபிஷேகத்துக்கு விளிம்பு உயர்ந்த ஆழமான தாம்பாளம் ஒன்றை ஒதுக்கினார். எறும்புகள் சென்று மறைந்த பகல் வேளையில், அவை வந்த வழி முழுவதையும் சோப்பு நீர் தோய்ந்த துணியால் துடைத்தார். வெறும் நீரால் துடைத்தால் வாசனைத் தடம் முழுவதும் போகாது. மஞ்சள் தூவினால் சிறிது நேரம் வழி குழம்புமே அன்றி, இனிப்பு இருக்கும்வரை அவை வேறு வழி கண்டுகொள்ளும். கடைசியாகச் சுவர்ப் பிளவை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார். நிவேதனப் பாத்திரத்தைச் சிறிது நேரம் வைத்திருக்க நேர்ந்தால், நீர் நிறைந்த அகன்ற தட்டின் நடுவே வைக்கும் நம் பாட்டிமார் வழக்கத்தையும் மேற்கொண்டார். பாத்திரம் தட்டின் விளிம்பையோ சுவரையோ தொடலாகாது. ஒரு பூச்சரம் தொங்கினாலும் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும்.

புழு பூச்சி விழுந்த அன்னம் நிவேதனத்துக்கு ஆகாது என்று தர்மசாஸ்திரங்கள் விலக்கியுள்ளன. ஆதலால் நிவேதிக்கும் முன்பே எறும்பு ஏறியதை ஸ்வாமிக்கு வைக்க வேண்டாம். அதைத் தோட்டத்து மரத்தடியில் இட்டால் அந்த எறும்புகளுக்கே அது உணவாகும்.

எறும்பைப் பற்றி எழுதிய அம்மையார், கரப்பான் பூச்சியும் பல்லியும் உண்டு என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தார். கரப்பானுக்கு இனிப்பே வேண்டும் என்பதில்லை. அகலில் எஞ்சிய எண்ணெய், வாடி ஈரமான பூக்கள், படங்களின் பின்னே ஒட்டிய பசை, ஊதுபத்தி அட்டைப்பெட்டி ஆகிய யாவும் அதற்கு உணவே. பகலில் அது கண்ணில் படாது. அலமாரி மூலையில் மிளகுத் தூள் சிந்தியதுபோல் கறுப்புத் துகள்கள் தெரிந்தால் அதன் நடமாட்டத்தை அறியலாம். அதற்கு நீர் இன்றியமையாதது. பெரும்பாலும் சமையலறைச் சாக்கடைத் துளையில் தங்கி இரவில்தான் பூஜையறைக்கு வரும். எனவே இரவில் பஞ்சபாத்திரத்து நீரை மூடிவைத்து, ஆறிய விளக்கின் எண்ணெயைத் துடைத்து, கீழே உதிர்ந்த பூக்களை அப்புறப்படுத்த வேண்டும். ஸ்வாமிக்குச் சாற்றிய பூக்களை வழக்கம்போல் காலையில் நிர்மால்யமாகக் களையலாம். சாக்கடைத் துளையையும் இரவில் மூடிவிட்டால் வரவு பெரிதும் குறையும்.

பல்லியை விரட்ட எவரும் விரும்புவதில்லை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன், வெள்ளிப் பல்லிகளைத் தொட்டு வணங்குகிறவர்கள் நாம். பல்லி வருவது நிவேதனத்துக்காக அன்று, வெளிச்சத்தை நாடி வரும் பூச்சிகளுக்காக. இரவு முழுவதும் மேடைக்கு மேலே எரியும் மின்விளக்கை அணைத்துவிட்டால், அது பூச்சி உள்ள வேறிடத்துக்குத் தானே நகர்ந்துவிடும். நம் வீட்டுப் பல்லிக்கு விஷமில்லை. ஆனால் அதன் எச்சத்திலும் குடலிலும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். நுனியில் வெண்மை கொண்ட கறுப்பு எச்சம் பாயசத்திலோ பாலிலோ விழுந்திருந்தாலும், பல்லியே விழுந்திருந்தாலும், அதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மீண்டும் கொதிக்கவைத்து உண்ண வேண்டாம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இத்தகைய நோய் கடுமையாக வரும். மேற்கூரையிலிருந்து எது விழுந்தாலும் பாதுகாக்க, நிவேதனம் செய்யும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பாத்திரத்தை மூடிவைப்பதே போதும்.

மழைக்காலத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. புற்றில் நீர் புகும்போது எறும்புகள் இரைக்காக அன்றி, உலர்ந்த இடம் தேடி வீட்டினுள் வரும். அப்போது எத்தனை துடைத்தாலும் சில நாள் வரத்தான் செய்யும். முட்டைகளைச் சுமந்து வருவதைக் கொண்டு இதனை அறியலாம்.

மூன்று வாரம் கழித்து அம்மையார் மீண்டும் எழுதினார். பூஜையறை மேடையில் எறும்பு இல்லை. உள்ளே அரிசிமாவுக் கோலத்துக்குப் பதிலாகக் கல்மாவு இடுகிறார். அரிசிமாவுக் கோலத்தை வாசலில் பெரிதாக இடுகிறாராம். "பிள்ளையார் எறும்புகள் இப்போது வாசலிலேயே பசியாறிப் போகின்றன. மகன் தெளிப்பானைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்" என்று முடித்திருந்தார்.