வகுத்தல் கணக்குக்குத் திறன் என்று பெயர்

'புரொடக்டிவிட்டி' என்பதை நாம் 'உற்பத்தித்திறன்' என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். கலைச்சொல் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பின்பாதியில் 'திறன்' வந்து உட்கார்ந்திருக்கிறது. திறன் ஆளுக்குள் இருப்பது. கைப்பழக்கத்தால் வருவது. அந்தச் சொல் குறிப்பதோ வெறும் வகுத்தல் கணக்கு: மேலே பணம், கீழே ஆட்கள். விடை சின்னதாக வந்தால், கணக்கைப் போட்டவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. "உங்களுக்குத் திறன் போதவில்லை" என்று கீழே எண்ணப்பட்ட பெண்களிடம் சொல்லிவிட முடிகிறது. தமிழ் வாத்தியாராக எனக்கு இந்தச் சொல்மேல் உள்ள புகார் இதுதான். பெண்ணாக உள்ள புகார் இன்னும் பெரிது.

என்னிடம் எம்.ஏ. தமிழ் படித்த ஒருத்தி, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓர் அழகு நிலைய நிறுவனத்தில் கிளை மேலாளராக இருக்கிறாள். மாதாமாதம் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பட்டியல் வரும். கிளையின் வருவாயை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையைக் கொண்டு கிளைகளை வரிசைப்படுத்தியிருப்பார்கள். கடைசியில் நிற்கும் கிளைகளுக்குச் சிவப்பு நிறம். தொடர்ந்து சிவப்பில் இருந்ததால், யாராவது ஓர் ஊழியரை நிறுத்தச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது. பதில் கடிதம் எழுத உதவி கேட்டு என்னிடம் வந்தாள். எங்கள் கடிதத்தில் இருந்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய வேலைக்கு ஆபத்து வராதிருக்க ஊர்ப் பெயர்களை மாற்றி, எண்களையும் முழுமையாக்கியிருக்கிறேன்.

அண்ணா நகர் கிளைக்கு மாத வருவாய் 18 லட்சம் ரூபாய், ஊழியர் 10 பேர். ஆளுக்கு 1,80,000 ரூபாய். விழுப்புரம் கிளைக்கு வருவாய் 7,20,000, ஊழியர் 8 பேர். ஆளுக்கு 90,000. சரிபாதி. அண்ணா நகர்ப் பெண் ஒருத்தி செய்வதை விழுப்புரத்தில் இரண்டு பேர் செய்கிறார்கள் என்று பட்டியல் சொல்கிறது. சொல்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் கீழே இருக்கும் எண். 'ஊழியர்' என்று யாரை எண்ணினார்கள்? நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும். அண்ணா நகரில் தரை துடைக்க இருவர், துண்டுகளைத் துவைத்து மடிக்க ஒருத்தி, வாடிக்கையாளருக்குத் தலை அலசிவிட ஒருத்தி என நான்கு பெண்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை அங்கேதான் இருக்கிறார்கள். கணக்கேட்டில் அவர்கள் ஆட்கள் இல்லை; மின்கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும் ஒரு செலவுத் தொகை. விழுப்புரத்தில் ஒப்பந்த ஆட்கள் கிடையாது. முடி வெட்டுகிறவளே முடியைக் கூட்டி அள்ளுகிறாள். துண்டையும் அவளே துவைக்கிறாள்.

விழுப்புரத்தின் எட்டுப் பேரில் ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். இன்னொருத்தி பள்ளி விடும் நேரத்துக்குப் பிள்ளையை அழைத்துவர மதியத்தோடு கிளம்புகிறவள். அவளுக்கு அரைச் சம்பளம்தான், ஆனால் பட்டியலில் முழுத் தலை. உண்மையில் அந்த மாதம் வேலை பார்த்தது ஆறரை ஆள்.

இப்போது மறுபடி வகுத்துப் பாருங்கள். அண்ணா நகரின் 18 லட்சத்தைப் பதினான்கால் வகுத்தால் ஏறக்குறைய 1,28,600. விழுப்புரத்தின் 7,20,000-ஐ ஆறரையால் வகுத்தால் ஏறக்குறைய 1,10,800. இரண்டு மடங்கு என்ற வித்தியாசம் பதினாறு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. யாருடைய கையும் வேகமாகவில்லை. துடைப்பம் பிடித்தவளையும் ஆளாக எண்ணினோம், பிள்ளை பெற்றவளை வேலையில் இருந்ததாக எண்ணாமல் விட்டோம், அவ்வளவுதான்.

பிரசவ விடுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2017-இல் வந்த சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றாக்கியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் பணத்தை முதலாளி தருவதில்லை, இ.எஸ்.ஐ. கழகம்தான் தருகிறது. விழுப்புரத்துப் பெண்ணும் அப்படித்தான். நிறுவனத்துக்கு அவள் விடுப்பால் சம்பளச் செலவே இல்லை. ஆனால் பட்டியலில் அவள் தலை ஆறு மாதமும் நிற்கிறது, கிளையின் எண்ணைக் கீழே இழுத்தபடி. சட்டம் கொடுத்த விடுப்பை இந்த வகுத்தல் கணக்கு மேலாளரின் மதிப்பெண் குறைவாக மாற்றிவிடுகிறது. அடுத்த முறை ஆளெடுக்கும்போது, புதிதாகக் கல்யாணமான பெண்ணைப் பார்த்து எந்த மேலாளருக்கும் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். அவரும் பெண்ணாக இருந்தாலும் ஓடும். "கர்ப்பிணிகளை எடுக்காதே" என்று எந்தச் சுற்றறிக்கையும் எழுத வேண்டியதில்லை. பட்டியலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அடுத்து மேலே இருக்கும் எண். அண்ணா நகரில் 1,500 ரூபாய் வாங்கும் அதே ஃபேஷியலுக்கு விழுப்புரத்தில் 1,000 ரூபாய். அதே கிரீம், அதே ஒரு மணி நேரம், அதே விரல்கள். விலைப் பட்டியல் முழுக்க ஏறத்தாழ இதே விகிதம்தான். விழுப்புரம் செய்த வேலையை அண்ணா நகர் விலையில் மதிப்பிட்டால் 10,80,000 ரூபாய் வருகிறது. ஆறரையால் வகுத்தால் ஏறக்குறைய 1,66,000. வரிசை தலைகீழாகிவிட்டது. இதை வைத்து விழுப்புரத்துப் பெண்கள் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணா நகரில் மட்டும் செய்யப்படும் சில நுட்பமான வேலைகள் உண்டு. அவற்றுக்கு இந்த விலை மாற்றம் பொருந்தாது. நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியல் அளந்தது பெண்களின் திறனை அல்ல, எந்தத் தெருவில் யாருடைய கைப்பை எவ்வளவு கனம் என்பதை.

பணம் எந்தக் கிளையில் பதிவாகிறது என்பதும் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மணப்பெண் அண்ணா நகரில் முன்பணம் கட்டி மணமகள் அலங்காரத்துக்குப் பதிவு செய்கிறாள். முகூர்த்தம் சொந்த ஊரான விழுப்புரத்தில். பில் போட்ட கிளைக்கு வருவாய். "மேம், எங்க பொண்ணுங்க ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு மண்டபத்துக்குப் போறாங்க. அதை எழுத இந்தப் பட்டியல்ல ஒரு கட்டம்கூட இல்ல" என்றாள் என் மாணவி. அந்த நேரங்களையும் சேர்த்து, தலைக்குப் பதிலாக மணியால் வகுத்தால் விழுப்புரத்தின் எண் கொஞ்சம் குறையும். குறையட்டும். கூலி தராமல் வாங்கிய மணிகள் எத்தனை என்று அப்போதுதான் தெரியவரும்.

ஓர் ஊழியருக்கான வருவாயை உயர்த்த எளிய வழி ஓர் ஊழியரை நீக்குவது. விழுப்புரத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் காத்திருக்க முடியாமல் சிலர் திரும்பிப் போகிறார்கள். வருவாய் 6,60,000-ஆகக் குறைகிறது. ஏழால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 94,300. முன்பு 90,000. வரிசையில் கிளை மேலேறிவிட்டது! ஆனால் நடந்தது என்ன? மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க 60,000 ரூபாய் வருவாயை இழந்திருக்கிறார்கள். போனவள் கொண்டுவந்தது கிளையின் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் போதும், அவள் போனதும் சராசரி உயரும். நிறுவனத்துக்கே நட்டம் தரும் முடிவைச் சாதனையாகக் காட்டும் அளவுகோல் இது.

நிறுத்த வேண்டியவள் யார் என்று தேர்ந்தெடுப்பதும் இந்தக் கண்ணோட்டத்தால்தான். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்காணிப்பாளர் பார்த்தாராம். சேவைத் தொழிலில் வேலையை முன்கூட்டியே செய்து அலமாரியில் அடுக்க முடியாது. வராத வாடிக்கையாளரின் புருவத்தைத் திருத்தி வைக்க முடியுமா? கதவு திறந்ததும் எழுந்து நிற்கத் தயாராகக் காத்திருப்பதும் வேலைதான். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் அதற்கு முன்பே, கோழிக்கோட்டில் விஜியும் பெண்கூட்டு அமைப்பும் போராடி அந்த உரிமையைப் பெற வழி செய்திருந்தார்கள். இருக்கை கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் 'சும்மா இருப்பவள்' என்று குறித்துக்கொள்ளும் கண் இன்னும் போகவில்லை.

பொருளாதார அறிஞர்கள் பாமலும் போவனும் 1966-இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையைக் காட்டினார்கள். நால்வர் வாசிக்க வேண்டிய இசையை வாசிக்க, எத்தனை காலம் போனாலும் அதே நால்வரும் அதே நேரமும் வேண்டும். நீளமான கூந்தலைப் பின்னிப் பூ வைத்துவிடுவதும் அப்படித்தான். அங்கே நேரத்தைக் குறைத்தால் வேலையே குறைந்துவிடும். இப்படிப்பட்ட தொழிலில் ஆளுக்கான வருவாய் திடீரென்று உயர்ந்தால் மகிழ்வதற்கு முன் விசாரிக்க வேண்டும்: விலையை ஏற்றினார்களா, ஆளைக் குறைத்தார்களா, சிலரை ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்களா?

அளக்கவே கூடாதா என்று கேட்பார்கள். அளக்கட்டும். ஒப்பந்தப் பெண்களின் மணிகளையும் சேர்த்து, உழைத்த மொத்த மணிகளால் வகுக்கட்டும். விடுப்பில் இருப்பவளைக் கீழ் எண்ணிலிருந்து எடுக்கட்டும். வருவாயிலிருந்து வாங்கிய பொருள்களின் செலவைக் கழித்து, வேலை செய்த கிளைக்கு வரவு வைக்கட்டும். விழுப்புரத்தை அண்ணா நகரோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே மாதத்து விழுப்புரத்தோடு, ஒரே விலையில் ஒப்பிடட்டும். இதற்கு வேண்டிய தகவல் எல்லாமே வருகைப் பதிவிலும் பில் புத்தகத்திலும் ஒப்பந்தக்காரரின் ரசீதிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, இப்படியொரு பட்டியலைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு நான் சொல்வது: தலைகுனிவதற்கு முன், கீழே எண்ணப்பட்டவர்கள் யார் யார் என்று பெயர்களோடு கேளுங்கள். எண்ணப்படாமல் விட்டவர்களின் பெயர்களையும் கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.